டிஸ்ப்ளே மாற்றும் கடைக்கு 45 நொடி விளம்பரம்: சொன்னபடி நடக்கும் வசனத்தை எழுதுவது எப்படி

செல்போன் ரிப்பேர் கடைக்கு முதன்முதலாக விளம்பரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: “டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சா? 100 சதவீதம் ஒரிஜினல் டிஸ்ப்ளே, 30 நிமிஷத்துல கையில, 6 மாச வாரண்டி!” நானும் ஒரு கடைக்கு இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். விளம்பரம் ஓடிய இரண்டாவது வாரத்தில் ஒருவர் வந்து, டிஸ்ப்ளே மாற்றியதிலிருந்து விரல் ரேகை வைத்தால் போன் திறப்பதில்லை என்றார். வாங்கிப் பார்த்த மெக்கானிக், “இந்த டிஸ்ப்ளேயில அது வராதுங்க” என்றார். “ஒரிஜினல்னுதானே சொன்னீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டபோது கடையில் யாரிடமும் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வசனத்தை எழுதுவதற்கு முன் கடையில் எந்த வகை டிஸ்ப்ளே போடுகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் வசனம் கடைசியில்தான் வரும். முதலில் கடையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக எடுக்கப் போகிறோம். எடுத்துக்கொள்வது ஒரே வேலை: உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றுவது. பேட்டரி, சார்ஜ் போடும் துளை, போர்டு வேலை எல்லாவற்றையும் ஒரே விளம்பரத்தில் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் வேறு, திரும்பி வரும் விதம் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வாரண்டியும் ஒரு நேரமும் சொன்னால், ஏதாவது ஒரு வேலைக்கு அது பொய்யாகத்தான் இருக்கும்.

பேனாவுக்கு முன் பதிவேடு

கடையில் வேலைக்கு வந்த போன்களை எழுதிவைக்கும் நோட்டு இருக்கும். இல்லையென்றால் விளம்பரத்தைத் தள்ளிப்போட்டு, முதலில் அந்த நோட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். கடைசியாகச் செய்த 30 டிஸ்ப்ளே வேலைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாடல் என்ன, எந்த வகை டிஸ்ப்ளே போட்டார்கள், போன் எப்போது கைக்கு வந்தது, எப்போது எடுத்துப்போகத் தயாரானது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே ஏற்கெனவே கடையில் இருந்ததா, ஆர்டர் போட்டு வரவழைத்ததா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே கொண்டுபோவோம். இரண்டு மெக்கானிக் உள்ள சிறிய கடை. அதன் 30 வேலைகளில் 24க்கு டிஸ்ப்ளே கடையிலேயே இருந்தது. அந்த 24இல் 9 போன்கள் ஒரு மணி நேரத்துக்குள் தயாராயின, 14 போன்கள் அன்று மாலைக்குள் தயாராயின. ஒன்று மட்டும் ஃப்ரேம் வளைந்திருந்ததால் மூன்று நாள் இழுத்தது. மீதி 6 போன்களுக்கு ஆர்டர் போட வேண்டியிருந்தது. அவற்றில் 5 மறுநாள் முடிந்தன. ஒன்றுக்கு வந்த டிஸ்ப்ளேயே பழுதாக இருந்து, திருப்பி அனுப்பி வேறு வாங்கியதில் நான்கு நாள் ஆனது.

இந்த எண்கள் கையில் வந்துவிட்டால் வசனத்தின் பாதி தானாக எழுதப்பட்டுவிடும்.

“ஒரிஜினல்” என்ற சொல்

மூன்று வாக்குறுதிகளில் அதிகம் சிக்கலானது இதுதான். கடைப் பேச்சில் “ஒரிஜினல்” என்ற ஒரே சொல் நான்கைந்து வேறுபட்ட பொருள்களைக் குறிக்கிறது. மெக்கானிக்குகளுக்குள் அது குழப்பமில்லை, அவர்களுக்கு இடம் பார்த்துப் புரியும். வாடிக்கையாளரோ “போனோடு வந்த அதே டிஸ்ப்ளே” என்றுதான் கேட்டுக்கொள்வார்.

போன் தயாரிப்பாளரே உதிரி பாகமாகத் தருவது முதல் வகை. இதைக் கம்பெனி பாகம் என்போம். இன்னொரு போனிலிருந்து கழற்றி எடுத்த டிஸ்ப்ளே இரண்டாவது. அதுவும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான், ஆனால் பயன்பட்டது. இதிலேயே ஒரு கிளை உண்டு: உள்ளே இருக்கும் பேனல் பழையது, மேலே உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றிப் புதிது போல் ஆக்கியது. இதையும் “ஒரிஜினல்” என்று விற்பார்கள். பேனலைப் பொறுத்தவரை அது உண்மை, கண்ணாடியைப் பொறுத்தவரை இல்லை.

அடுத்தது காப்பி, அதாவது வேறு நிறுவனங்கள் அளவு பார்த்துச் செய்தது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையோடு வந்த போனுக்குக் காப்பியிலும் ஓஎல்இடி கிடைக்கும். அதில் கண்ணாடி அடித்தளம் கொண்டது விலை குறைவு, ஆனால் விழுந்தால் எளிதில் உடையும். வளையும் அடித்தளம் கொண்டது தொழிற்சாலைத் திரைக்கு நெருக்கமானது. இவற்றைவிட மலிவாக, அதே போனுக்கு எல்சிடி காப்பியும் உண்டு. என் அனுபவத்தில் சண்டை வருவதெல்லாம் இந்தக் கடைசி வகையில்தான். எல்சிடிக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்தது போல் தெரியும். தடிமன் சற்று அதிகம் என்பதால் திரை ஃப்ரேமுக்கு மேலே கொஞ்சம் தூக்கி நிற்கலாம். திரைக்கு அடியில் ஒளியால் விரல் ரேகை படிக்கும் போன்களில் அந்த வசதி போய்விடும், ஏனென்றால் ஒளி திரையை ஊடுருவிப் போக முடியாது. “ஒரிஜினல்னுதானே சொன்னீங்க?” என்று கேட்டவரின் போனில் நடந்தது இதுதான்.

காப்பி போடுவதில் தவறொன்றும் இல்லை. இன்னும் ஒரு வருடம் ஓடினால் போதும் என்று நினைக்கும் பழைய போனுக்குக் கம்பெனி பாகத்தின் விலை கொடுக்க யாருக்கு மனம் வரும்? தெரிந்து தேர்ந்தெடுத்தவர் காப்பியைப் பற்றிக் குறை சொல்லி வருவது அபூர்வம். எனவே விளம்பரத்தில் “ஒரிஜினல்” என்ற சொல்லை அறவே விட்டுவிடுங்கள். “கம்பெனி பாகம்”, “காப்பி” என்ற இரண்டு சொற்கள் போதும். கழற்றி எடுத்த டிஸ்ப்ளேயும் கடையில் போடுகிறார்கள் என்றால் “இன்னொரு போனிலிருந்து எடுத்தது” என்று நேராகச் சொல்லுங்கள். காப்பிக்குள் இருக்கும் உட்பிரிவுகளை விளம்பரத்தில் விளக்க நேரமில்லை, அதைக் கவுண்ட்டரில் விளக்கலாம். ஆனால் விரல் ரேகை வேலை செய்யாமல் போகலாம் என்பதை மட்டும் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். அன்றாடம் நூறு முறை பயன்படுத்தும் வசதி அது.

இன்னொன்று, இப்போது போனே சாட்சி சொல்கிறது. ஐபோன் 11 முதல் வந்த மாடல்களில், iOS 15.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், `Settings > General > About` பக்கத்தில் `Parts and Service History` என்ற பகுதி வரும். மாற்றிய டிஸ்ப்ளே கம்பெனி பாகமாக அடையாளம் காணப்படவில்லை என்றால் அங்கே `Unknown Part` என்று காட்டும். இன்னொரு ஐபோனிலிருந்து கழற்றிய நல்ல டிஸ்ப்ளேகூட அப்படிக் காட்டக்கூடும். இதை வாடிக்கையாளரே வீட்டில் கண்டுபிடிப்பதைவிட, மாற்றும் முன்பே கடைக்காரர் சொல்லிவிடுவது நல்லது. மற்ற போன்களில் எளிய சோதனை ஒன்று உண்டு: இருட்டான இடத்தில் முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து பாருங்கள். ஓஎல்இடி என்றால் திரை அணைந்தது போல இருக்கும், எல்சிடி என்றால் மங்கலாக ஒளிரும். இந்தக் காட்சியை விளம்பரத்திலேயே காட்டலாம். இரண்டு பழைய போன்களில் இரண்டு வகையும் போட்டு அருகருகே வைத்து எடுத்தால், ஒரு வாக்கியமும் இல்லாமல் வித்தியாசம் புரிந்துவிடும்.

30 நிமிடம் யாருடைய 30 நிமிடம்?

மெக்கானிக்கிடம் “டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு நேரம்?” என்று கேட்டால் அவர் சொல்வது தன் கை வேலை செய்யும் நேரம். வாடிக்கையாளருக்கோ போனைக் கொடுத்த நொடியிலிருந்து திரும்ப வாங்கும் நொடிவரை எல்லாமே காத்திருப்புதான். முன்னால் இருக்கும் போன்களின் வரிசை, சூடாக்கித் திறப்பது, பழைய பசையைச் சுரண்டுவது, புது டிஸ்ப்ளேயை ஒட்டும் முன் இணைத்துச் சோதிப்பது, ஒட்டிய பின் காயவிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். விளம்பரத்தில் வர வேண்டியது இந்த இரண்டாவது நேரம்.

பசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளில் பரவலாகப் பயன்படும் பி-7000 போன்ற பசை சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும், ஆனால் முழு வலுவுக்கு வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். “30 நிமிடம்” என்று விளம்பரம் செய்த கடையில், ஆள் கவுண்ட்டரில் நிற்கிறார் என்பதற்காக கிளிப்பையும் ரப்பர் பேண்டையும் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். சில நாள் கழித்துத் திரையின் ஓரம் தூக்கும். பசை விட்ட வேலை வாரண்டியில் திரும்பி வரும். வேகமாகத் தருவதாகச் சொன்ன வாக்கு, வாரண்டி என்ற வாக்கின் செலவை ஏற்றிவிடுகிறது.

இப்போது நம் எடுத்துக்காட்டுக் கடைக்கு வருவோம். 9 போன்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன என்பதைப் பார்த்து “ஒரு மணி நேரத்தில்” என்று எழுத ஆசை வரும். அது 30இல் 9 பேருக்குத்தான் உண்மை. கடையில் டிஸ்ப்ளே இருந்த 24இல் 23 பேருக்கு அன்றே கிடைத்தது என்பதுதான் பயன்படுத்தத் தக்க எண். பத்தில் ஒன்பது பேருக்காவது உண்மையாக இருக்கும் நேரத்தையே சொல்வது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே வாக்கியம் இரண்டாகப் பிரியும்: ஸ்டாக் இருந்தால், மதியத்துக்குள் கொடுத்தால் அன்று மாலை. ஆர்டர் என்றால் ஒன்று முதல் நான்கு நாள். அந்த நான்கு ஒரே ஒரு முறை வந்ததுதான், இருந்தாலும் விடாதீர்கள். ஆர்டர் போடும்போது பழுதான பாகம் வருவது எந்தக் கடைக்கும் நடக்கக்கூடியது.

“தாமதமானால் நாங்களே போன் செய்து சொல்வோம்” என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் அவருடைய போன்தான் கடையில் இருக்கிறதே! வேறொருவரின் எண்ணை வாங்கிக் குறித்துவைக்கும் பழக்கம் கடையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

வாரண்டி: எத்தனை மாதம், எதற்கு, யார் செலவில்

பாகம் விற்ற மொத்த வியாபாரி வாரண்டி தருகிறார், அதை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். டிஸ்ப்ளேக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் சோதித்துப் பார்க்கும் வாரண்டிதான். மேலே ஒட்டிய படலத்தை உரிக்காமல், ஸ்டிக்கர் கிழியாமல், ஃப்ளெக்ஸ் என்ற இணைப்பு நாடா மடங்காமல் கொண்டுபோனால் மாற்றித் தருவார். பசை வைத்து ஒட்டிவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார். அதனால்தான் ஒட்டும் முன் இணைத்து டச் முழுவதும் தேய்த்துப் பார்ப்பது அவ்வளவு முக்கியம். அதற்குப் பிறகு வரும் பழுதெல்லாம் கடைக்காரர் கையிலிருந்துதான் போகும்.

எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்கலாம். இங்கே ஒரு பிழை எளிதில் நேரும். கடைசி 30 வேலைகளை எடுத்து “இரண்டுதான் திரும்பி வந்தது” என்று முடிவு செய்தால் தவறு, ஏனென்றால் போன வாரம் மாற்றிய போன் திரும்பி வர இன்னும் நேரமே ஆகவில்லை. மூன்று மாத வாரண்டி தர நினைத்தால், மூன்று மாதத்துக்கு முன்பே முடித்த 30 வேலைகளை எடுங்கள். நம் கடையில் அப்படி எடுத்ததில் நான்கு போன்கள் திரும்பி வந்திருந்தன. ஒன்று டச் ஓரத்தில் வேலை செய்யவில்லை, ஒன்றில் பச்சைக் கோடு, ஒன்றில் பசை விட்டது, ஒன்று கீழே விழுந்து உடைந்தது. கடைசியானது வாரண்டியில் சேராது. பசை விட்டதற்குப் புது டிஸ்ப்ளே தேவைப்படவில்லை, மீண்டும் ஒட்டினால் போதும். ஆக 30 வேலைக்கு இரண்டு டிஸ்ப்ளே இலவசமாகப் போகிறது. ஒவ்வொரு வேலையிலும் ஒரு டிஸ்ப்ளே விலையில் பதினைந்தில் ஒரு பங்கை வாரண்டிக்கென்று ஒதுக்கினால் இது சரிக்கட்டும். கடைக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். ஒதுக்க முடியும் என்றால் மூன்று மாதம் என்று எழுதலாம். தயங்கினால் காலத்தைக் குறைத்து எழுதுவதே சரி. திரும்பி வந்தவரிடம் ஏதாவது காரணம் சொல்லி அனுப்பும் கடையின் ஆறு மாதத்தைவிட, கேள்வி கேட்காமல் மாற்றித் தரும் ஒரு மாதம் மேல்.

காலம் முடிவானதும், எதற்கு உண்டு எதற்கு இல்லை என்பதை அதே வேகத்தில், அதே குரலில் சொல்லுங்கள். நல்லதை நிதானமாகவும், விலக்குகளைக் கடைசி இரண்டு நொடியில் ஓடவிட்டும் பதிவு செய்தால், அதை யாரும் கேட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. டச் போவது, கோடு விழுவது, பசை விடுவது ஆகியவற்றுக்கு உண்டு. விழுந்ததற்கும் அழுந்தியதற்கும் தண்ணீர் பட்டதற்கும் இல்லை. இதை எப்படிப் பிரித்தறிவது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். விழுந்திருந்தால் ஃப்ரேம் மூலையில் நசுங்கல் இருக்கும். ஓஎல்இடி அழுந்தியிருந்தால் மை கொட்டியது போல் கறுப்புத் திட்டு பரவும். தண்ணீர் பட்டதைக் காட்ட, பல போன்களுக்குள் இருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்துவிடும். ஆனால் அந்த ஸ்டிக்கர் ரிப்பேருக்கு வரும்போதே சிவந்திருக்கலாம். அதனால் திறந்ததும் ஒரு படம் எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுவது கடையின் வழக்கமாக இருக்கட்டும்.

தண்ணீர் புகாத போன் என்று வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திறந்தவுடன் தொழிற்சாலை வைத்த அடைப்பு போய்விடுகிறது. புது டேப் ஒட்டினாலும் பழைய அளவுக்குத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இதைப் பில்லில் எழுதலாம், கவுண்ட்டரிலும் வாய்விட்டுச் சொல்லலாம்.

வசனம்

அந்தக் கடைக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும். பேசுகிறவர் கடைக்காரராகவே இருந்தால் நல்லது.

(காட்சி: விரிசல் விழுந்த திரை, அதைத் திறக்கும் கைகள்)
“டிஸ்ப்ளே உடைஞ்சிருக்கா? மாத்துறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டுக்குங்க.”

(காட்சி: இரண்டு போன், இரண்டிலும் கறுப்புப் படம்)
“எங்ககிட்ட ரெண்டு வகை டிஸ்ப்ளே இருக்கு. ஒண்ணு கம்பெனி பாகம். இன்னொண்ணு காப்பி, விலை குறைவு. காப்பியில நிறம் கொஞ்சம் மாறும், சில மாடல்ல விரல் ரேகை வேலை செய்யாது. ரெண்டையும் கடையில பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எதைப் போட்டோம்னு பில்லுல எழுதித் தருவோம்.”

(காட்சி: கிளிப் மாட்டிக் காயும் போன், பின்னால் கடிகாரம்)
“ஸ்டாக் இருந்தா, மதியம் பன்னெண்டுக்குள்ள கொடுத்தீங்கன்னா அன்னைக்குச் சாயங்காலம் வாங்கிக்கலாம். ஆர்டர் போடணும்னா ஒண்ணுல இருந்து நாலு நாள் ஆகும்.”

(காட்சி: பில், அதில் தேதியும் டிஸ்ப்ளே வகையும்)
“மூணு மாசம் வாரண்டி. டச் போனாலோ, கோடு விழுந்தாலோ, பசை விட்டாலோ பாகமும் கூலியும் இலவசம். கீழ விழுந்தாலோ, அழுந்தினாலோ, தண்ணி பட்டாலோ வாரண்டி கிடையாது. மாடல் பேரைச் சொல்லி ஒரு போன் பண்ணுங்க, ஸ்டாக் இருக்கான்னு சொல்றோம்.”

இதைச் சத்தமாகப் படித்து, கடிகாரத்தில் பாருங்கள். 45 நொடியைத் தாண்டினால் முதல் வரியைச் சுருக்குங்கள், விலக்குகளைச் சொல்லும் வரியில் கை வைக்காதீர்கள். திரையில் எழுத்தும் வருவதாக இருந்தால் “3 மாத வாரண்டி” என்பதும் “விழுந்தால், அழுந்தினால், தண்ணீர் பட்டால் இல்லை” என்பதும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். “பாகமும் கூலியும்” என்று இரண்டையும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். பாகம் இலவசம் என்று வரவழைத்துவிட்டுக் கூலி கேட்கும் இடத்தில்தான் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் கசப்பு வருகிறது.

வெளியிடும் முன்

போன் வேலை தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை ஓடவிட்டு, “போனை எப்போது திரும்ப வாங்கலாம்?” என்று கேளுங்கள். “சாயங்காலம்” என்று மட்டும் சொன்னால் ஸ்டாக் பற்றிய பகுதி காதில் விழவில்லை. “ஸ்டாக் இருந்தா” என்பதற்குப் பிறகு ஒரு நொடி நிறுத்திப் பதிவு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் கவுண்ட்டரில் நிற்பவரிடம் வசனத்தைக் கொடுத்து, பில்லோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வசனத்தில் உள்ள ஒவ்வொரு வாக்குக்கும் பில்லில் ஓர் இடம் வேண்டும்: டிஸ்ப்ளே வகை, கொடுத்த தேதி, வாரண்டி முடியும் தேதி, உண்டு எது, இல்லை எது. வாரண்டியில் மாற்றிய டிஸ்ப்ளேக்கு மூன்று மாதம் புதிதாகத் தொடங்குமா, முதல் பில்லின் தேதியே தொடருமா என்று அவர் கேட்பார். இரண்டில் எது என்றாலும் கடைக்காரர் அன்றே முடிவு செய்து பில்லில் அச்சடிக்கட்டும்.

விளம்பரம் வெளியான தேதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மொத்த வியாபாரியை மாற்றினாலோ, ஒரு மெக்கானிக் வேலையை விட்டுப் போனாலோ, அந்தத் தேதிக்குப் பின் முடித்த 30 வேலைகளை மறுபடி எண்ண வேண்டும். மாலைக்குள் தயாரானவை 24இல் 23 என்பது 24இல் 17 ஆகியிருந்தால், அன்றே விளம்பரத்தை நிறுத்திவிட்டு நேரம் சொல்லும் வரியை மட்டும் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.